78 யூனிட், 750 யூனிட்: பத்து மாடிக்கு ஸ்டாக்கும் வென்ட்டும் அளவிடுவது

*ஐயா, கோவையில் ஒரு பிளம்பிங் வடிவமைப்பு அலுவலகத்தில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கீழே ஸ்டில்ட் பார்க்கிங், அதற்கு மேல் பத்து மாடி என ஒரு குடியிருப்பு எங்களிடம் வந்திருக்கிறது. ஒவ்வொரு மாடியிலும் முதுகோடு முதுகாக இரண்டு பாத்ரூம், பக்கத்தில் ஒரு யுடிலிட்டி, எல்லாம் ஒரே டக்டில் இறங்குகின்றன. கிச்சன் தனி டக்ட். வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் ஐரோப்பியத் தரம் 12056-2 படி கணக்குக் கேட்கிறார். நான் கூட்டிப் பார்த்ததில் 78 டிஸ்சார்ஜ் யூனிட் வருகிறது. எங்கள் சீனியர், "110 பைப் 750 யூனிட் தாங்கும், நீ பத்தில் ஒரு பங்கைத்தான் தொட்டிருக்கிறாய், வென்ட் பைப்பே வேண்டாம்" என்கிறார். ஆனால் இதே மாதிரி போட்ட எங்கள் முந்தைய கட்டடத்தில் முதல் மாடி பாத்ரூம் தரையில் சோப்பு நுரை பொங்கி வருகிறது. எங்கே தப்பு?*

தம்பி, உங்கள் 78 சரி. உங்கள் சீனியரின் 750-ம் அது பிறந்த இடத்தில் சரிதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் தப்பு. நகையைப் பவுனில் நிறுத்துவிட்டுக் கிராம் விலையால் பெருக்கினால் என்ன வருமோ, அதுதான் இங்கே வந்திருக்கிறது.

அந்த 750 பழைய பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 5572-இன் எண். அந்த அட்டவணையில் வீட்டு உபயோகத்துக்கு ஒரு டபிள்யூ.சி.க்கு 7 யூனிட், வாஷ் பேசினுக்கு 1, சிங்க்குக்கு 6, வாஷிங் மெஷினுக்கு 4. எல்லா மாடிக் கழிவையும் கீழே இறக்கும் செங்குத்துக் குழாய்தான் ஸ்டாக்; கடையில் 110 என்று கிடைக்கும் 100 மி.மீ. ஸ்டாக்குக்கு உச்ச வரம்பு 750. அங்கே யூனிட் என்பது லிட்டரும் இல்லை, வேகமும் இல்லை. எவ்வளவு தண்ணீர், எத்தனை நேரம், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்ற மூன்றையும் சேர்த்துப் பிசைந்து கொடுத்த ஒரு எடை, அவ்வளவுதான். அதன்படி உங்கள் கட்டடத்தையே கூட்டினால் மாடிக்கு 26 வரும், பத்து மாடிக்கு 260. இந்தக் கணக்கிலும் 750-க்குள்தான் இருக்கிறது. ஆனால் பத்தில் ஒரு பங்கு அல்ல, மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தவிர, அந்த 750 தண்ணீருக்கான வரம்பு மட்டுமே. வென்ட், அதாவது காற்றுக்கான துணைக் குழாய், வேண்டுமா வேண்டாமா என்பதற்கு அந்தப் புத்தகத்திலேயே வேறு அட்டவணை உண்டு. அதை எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் திருப்பிப் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2000-இல் வந்த ஐரோப்பியத் தரத்தில் டிஸ்சார்ஜ் யூனிட் என்ற அதே பெயர் இருக்கிறது, பொருள் வேறு. இங்கே ஒரு யூனிட் என்பது அந்தச் சாதனம் வெளியேற்றும் சராசரி வேகம், வினாடிக்கு இத்தனை லிட்டர் என்று. நம் தேசியக் கட்டட விதித் தொகுப்பில் வரும் ஃபிக்ஸ்சர் யூனிட் மூன்றாவது ஜாதி. அது அமெரிக்காவில் ராய் ஹன்ட்டர் உருவாக்கிய நிகழ்தகவு முறையின் வழி வந்தது. மூன்றும் கழிவு நீரைத்தான் அளக்கின்றன என்றாலும் ஒன்றின் எண்ணை இன்னொன்றின் வரம்போடு ஒப்பிட முடியாது. எந்தப் புத்தகத்தில் கூட்டத் தொடங்கினீர்களோ, அதே புத்தகத்தில்தான் முடிக்க வேண்டும்.

ஐரோப்பியப் புத்தகத்துக்குள்ளேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. சாதன அட்டவணையில் சிஸ்டம் 1 முதல் 4 வரை நான்கு பத்திகள் உண்டு. கிளைக் குழாய் எவ்வளவு நிரம்பி ஓடலாம் என்பதைப் பொறுத்த பிரிவு அது. முதல் சிஸ்டத்தில் கிளை பாதி நிரம்பும். பிரிட்டனில் புழங்கும் மூன்றாவதில் கிளை முழுக்க நிரம்பலாம். அதனால் அதே சிங்க் முதல் பத்தியில் 0.8, மூன்றாவது பத்தியில் 1.3. டபிள்யூ.சி.யை ஒரு பத்தியிலிருந்தும் சிங்க்கை இன்னொன்றிலிருந்தும் எடுத்து, சின்னச் சின்ன எண்ணாகப் பொறுக்கிக் கூட்டிய கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் முதல் பத்தியை விட்டு நகரவில்லை என்பது 78-ஐப் பார்த்ததுமே தெரிந்தது. ஆறு லிட்டர் டபிள்யூ.சி. 2.0, பேசின் 0.5, ஷவர் 0.6, ஆக ஒரு பாத்ரூமுக்கு 3.1. இரண்டுக்கு 6.2. யுடிலிட்டியில் வாஷிங் மெஷின் 0.8, சிங்க் 0.8. மாடிக்கு 7.8, பத்து மாடிக்கு 78.

அடுத்த படியில்தான் உங்கள் கணக்கு பாதியில் நின்றுவிட்டது. 78 என்பது ஓட்டம் அல்ல. இருபது டபிள்யூ.சி.யும் மற்ற அறுபது சாதனமும் ஒரே வினாடியில் திறந்தால் வரும் எண் அது, அப்படி ஒரு வினாடி வரவே வராது. எத்தனை சேர்ந்து வரும் என்பதை இந்தச் சூத்திரம் சொல்கிறது:

```
Q = K × √ΣDU
```

Q என்பது வினாடிக்கு எத்தனை லிட்டர் என்ற ஓட்டம், ΣDU என்பது டிஸ்சார்ஜ் யூனிட்டின் கூட்டுத்தொகை, K என்பது எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துகிறார்கள் என்பதற்கான காரணி. வீடு, அலுவலகத்துக்கு 0.5. மருத்துவமனை, பள்ளி, ஹோட்டலுக்கு 0.7. பொதுக் கழிப்பறைக்கு 1.0. உங்களுக்கு √78 என்பது 8.83. அதில் பாதி 4.42. ஆக ஸ்டாக்கின் அடியில் எதிர்பார்க்க வேண்டிய ஓட்டம் வினாடிக்கு 4.42 லிட்டர்.

இந்த வர்க்கமூலம் இரண்டு விஷயத்தில் ஆளைக் கவிழ்க்கும். முதலாவது, இரண்டு ஸ்டாக் சேரும் இடத்தில் இரண்டின் லிட்டரையும் கூட்டக் கூடாது. யூனிட்டைக் கூட்டி மறுபடியும் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இரண்டாவது, யூனிட் குறைவாக இருக்கும் இடத்தில் சூத்திரம் உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும். ஒரே ஒரு மாடியின் 7.8-ஐப் போட்டால் 1.40 வருகிறது. ஆனால் அங்கே ஒரு டபிள்யூ.சி. தனியாகவே 2.0 தள்ளும். அப்படி வரும்போது அந்தத் தனிச் சாதனத்தின் எண்ணைத்தான் எடுக்க வேண்டும் என்று தரமே சொல்கிறது. இந்த 2.0 பின்னால் நமக்கு வேலைக்கு வரும்.

சரி, 4.42-ஐக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டாக் அட்டவணைக்குப் போவோம். தனி வென்ட் இல்லாமல், ஸ்டாக்கே மொட்டை மாடிக்கு மேல் நீண்டு காற்று வாங்கும் அமைப்பில், 100 மி.மீ. ஸ்டாக்குக்கு இரண்டு வரம்பு தரப்பட்டிருக்கிறது. கிளை செங்கோணமாக வந்து சேர்ந்தால் 4.0 லிட்டர். வளைந்து இறங்கிச் சேர்ந்தால் 5.2. பக்கத்திலேயே 50 மி.மீ. வென்ட் குழாய் ஒன்று துணைக்கு ஏறினால் அதே ஸ்டாக்கின் வரம்பு 5.6-ம் 7.3-ம் ஆகிறது.

உங்கள் 4.42 எங்கே விழுகிறது பாருங்கள். வென்ட் இல்லாமல் செங்கோண டீ போட்டால் தோல்வி. வென்ட் இல்லாமல் வளைவு டீ போட்டால் தேறும். வென்ட் போட்டால் எந்த டீ போட்டாலும் தேறும். பைப் அதே 110-தான், கடையில் எந்த டீ கிடைத்தது என்பதில் கட்டடத்தின் தலையெழுத்து மாறுகிறது. வரைபடத்தில் வளைவு டீ என்று எழுதலாம்தான். தரம் கேட்பது 45 பாகைக்குள் சேரும் கிளையை, அல்லது குழாயின் உள்விட்டத்துக்குக் குறையாத ஆரமுள்ள வளைவை. தளத்தில் ஏழாம் மாடிக்கு வரும்போது வளைவு டீ கையிருப்பில் இல்லை என்று சாதா டீ ஏறியிருக்கும், டக்டை அடைத்த பிறகு யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. அதனால் 5.2-ஐ நம்பி நான் வடிவமைப்பதில்லை. வளைவு டீயைக் கேட்பேன், கணக்கைச் செங்கோண எண்ணில் போடுவேன்.

வெறும் 50 மி.மீ. குழாய் ஒன்று பக்கத்தில் ஏறினால் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று உங்கள் சீனியர் கேட்பார். ஸ்டாக்கில் தண்ணீர் குழாயை நிரப்பிக்கொண்டு விழுவதில்லை. சுவரோடு ஒட்டி வளையமாக வழிகிறது, நடுவில் காற்றுத் தூண் இருக்கிறது. குழாயின் குறுக்குப் பரப்பில் கால் பங்குதான் தண்ணீருக்கு என்ற எண்ணத்தில்தான் பழைய தரமும் வரம்பு வைத்தது. அந்தத் தண்ணீர் வளையம் நடுக் காற்றையும் கீழே இழுத்துக்கொண்டு போகிறது. சில மீட்டர் விழுந்ததும் சுவர் உராய்வு ஈடுகட்டிவிடுவதால் வேகம் அதற்கு மேல் கூடாது. பத்து மாடியிலிருந்து விழும் தண்ணீர் கீழே வெடிகுண்டு மாதிரி வரும் என்று சிலர் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. கவலைப்பட வேண்டியது இழுபடும் காற்றைப் பற்றி. காற்று வால்வுக்கு அளவு சொல்லும் இடத்தில் இந்தத் தரம் ஸ்டாக்கின் நீரோட்டத்தைப் போல எட்டு மடங்கு காற்று கேட்கிறது. 4.42-க்கு அது வினாடிக்கு 35 லிட்டர்.

அந்தக் காற்று மேலிருந்து வர வேண்டும். ஒரு கிளையிலிருந்து தண்ணீர் குறுக்கே பாய்ந்து விழும்போது திரை போட்ட மாதிரி காற்று வழி அடைபடுகிறது, திரைக்குக் கீழே உறிஞ்சல் உண்டாகிறது. செங்கோண டீயில் இந்தத் திரை எதிர்ச்சுவர் வரை போய் முட்டும். வளைவு டீயில் தண்ணீர் சுவரோடு சாய்ந்து இறங்கும். 4.0-க்கும் 5.2-க்கும் வித்தியாசம் அங்கேதான் பிறக்கிறது. கீழேயோ நேர் எதிர். ஸ்டாக் படுக்கைக் குழாயாகத் திரும்பும் இடத்தில் தண்ணீர் வேகம் இழந்து குவிந்து எழும்புகிறது, பின்னால் வந்த காற்றுக்குப் போக வழியில்லை, அழுத்தம் ஏறுகிறது. மேல் மாடிகளில் உறிஞ்சல், அடியில் தள்ளல். நாற்றம் வராமல் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் டிராப்பில் உள்ள 50 மி.மீ. தண்ணீர்தான் இரண்டையும் தாங்கி நிற்கிறது. பிரிட்டிஷ் வழக்கில் இந்த அழுத்தம் எந்தப் பக்கமும் 38 மி.மீ. நீர் உயரத்தைத் தாண்டக் கூடாது, டிராப்பில் குறைந்தது 25 மி.மீ. தண்ணீர் மிஞ்ச வேண்டும். வென்ட் குழாய் செய்வது இதை மட்டும்தான்: மேலே குறையும் காற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது, அடியில் கூடும் காற்றை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது.

ஆகவே வென்ட்டின் கீழ்முனை எங்கே சேர்கிறது என்பது முக்கியம். கடைசிக் கிளைக்குக் கீழே, அடி பெண்டை ஒட்டிச் சேர வேண்டும். மேல் மாடியிலிருந்து தொடங்கி மூன்றாம் மாடியோடு நின்றுவிட்ட வென்ட்டுகளை நான் கண்டிருக்கிறேன். அவை உறிஞ்சலுக்கு உதவும், அடியில் நடப்பதற்கு ஒன்றும் செய்யாது. நடுவில் ஒரு மாடி விட்டு ஒரு மாடி ஸ்டாக்கோடு குறுக்கு இணைப்புக் கொடுங்கள், அது ஸ்டாக்கை நோக்கிச் சரிந்திருக்கட்டும், இல்லாவிட்டால் அழுக்குத் தண்ணீர் வென்ட்டுக்குள் போய்த் தங்கும். அட்டவணை 50 போதும் என்கிறது. அது வென்ட்டின் நீளத்தையோ எத்தனை பெண்ட் என்பதையோ கணக்கில் எடுக்கவில்லை. முப்பது மீட்டருக்கு மேல் ஏறப்போகிற குழாய்க்கு நான் 75 மி.மீ. போடுவேன். விலை வித்தியாசம் பெரிதில்லை.

இனி நுரை. உங்கள் கட்டடத்தில் ஸ்டில்ட் இருப்பதுதான் இதன் ஆணிவேர். டக்ட் நேராகத் தரைக்கு இறங்கினால் கார் நிற்கும் இடத்தில் குழாய் வரும். அதனால் முதல் மாடித் தளத்துக்கு அடியிலேயே ஸ்டாக்கைப் படுக்கையாகத் திருப்பி, சீலிங்கோடு ஓட்டிக்கொண்டு போய், ஏதாவது ஒரு தூண் ஓரமாக இறக்குவார்கள். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். இதனால் அழுத்தம் ஏறும் அந்த அடி பெண்ட் தரைமட்டத்தில் இல்லை, முதல் மாடி பாத்ரூமுக்கு ஒரு அடி கீழே உட்கார்ந்திருக்கிறது. மேலே ஒன்பது வாஷிங் மெஷின். சோப்புத் தண்ணீர் விழுந்து கலங்கும்போது நுரையாகிறது. தண்ணீர் பெண்டைத் தாண்டி ஓடிவிடும், நுரை ஓடாது, அங்கேயே குவியும். பின்னால் வரும் காற்று அந்த நுரையைத் தள்ளும். பக்கத்தில் இருக்கும் தாழ்வான வாசல் எது? முதல் மாடி பாத்ரூம் தரையில் இருக்கும் நஹானி டிராப்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. அமெரிக்காவின் சில பிளம்பிங் விதிகள் அடி பெண்டிலிருந்து மேல்நோக்கி ஸ்டாக் விட்டத்தின் 40 மடங்கு வரை நுரை அழுத்தப் பகுதி என்று வைத்து, அதற்குள் சாதனங்களை இணைக்காதே என்கின்றன. நம் 110-க்கு அது 4.4 மீட்டர். முதல் மாடி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். பெண்டைத் தாண்டிப் படுக்கையிலும் 10 மடங்கு, அதாவது 1.1 மீட்டர். இங்கிலாந்தின் கட்டட விதி வழிகாட்டியில் இதே விஷயம் வேறு உருவில் வருகிறது: ஐந்து தளத்துக்கு மேற்பட்ட கட்டடத்தில் தரைத்தளச் சாதனங்களைப் பொது ஸ்டாக்கில் சேர்க்கக் கூடாது. இருபதைத் தாண்டினால் முதல் தளத்தையும் சேர்க்கக் கூடாது. உங்கள் முதல் மாடிதான் ஸ்டாக்கின் பார்வையில் தரைத்தளம்.

எனவே முதல் மாடியைப் பிரித்துவிடுங்கள். அதன் இரண்டு பாத்ரூமும் யுடிலிட்டியும் தனிக் குழாயில் ஸ்டில்ட் சீலிங் வழியாகப் போய், வெளியே சேம்பரில் தனியாக விழட்டும். படுக்கைக் குழாயில் பெண்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஒய் போட்டுச் சேர்த்துவிட்டு "பிரித்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு மீட்டருக்குள் அழுத்தம் இன்னும் அடங்கியிருக்காது.

பிரித்த பிறகு எண்களை மறுபடி பார்ப்போம். ஸ்டாக்கில் ஒன்பது மாடி, 70.2 யூனிட். வர்க்கமூலம் 8.38, ஓட்டம் 4.19. வென்ட் இல்லாத செங்கோண வரம்பான 4.0-ஐ இன்னும் தாண்டித்தான் நிற்கிறது. ஆக வென்ட் வேண்டும், 5.6-க்குள் வசதியாக உட்காரும். ஸ்டாக் 110, வென்ட் 75.

படுக்கைக் குழாய்க்கு வாருங்கள். இங்கேதான் "ஸ்டாக் 110 என்றால் கீழேயும் 110" என்று எல்லோரும் இழுத்துவிடுகிறார்கள். செங்குத்தில் தாங்கும் ஓட்டத்தைச் சரிவு குறைந்த படுக்கையில் அதே குழாய் தாங்காது. பாதி நிரம்பும் கணக்கில், நூற்றுக்கு ஒன்று சரிவில், 100 மி.மீ. குழாய் 2.5 லிட்டர்தான் கொண்டுபோகும். 125 மி.மீ. 4.1. உங்களுக்கு 4.19 வேண்டும், மயிரிழையில் தவறுகிறது. 150 மி.மீ. 7.7 தரும். எழுபது சதவீதம் நிரம்பலாம் என்ற அட்டவணைக்குப் போனால் 100-க்கே 4.2 வருகிறது, "அப்பாடா, தேறிவிட்டது" என்று தோன்றும். அந்த 0.01 லிட்டரில் தொங்காதீர்கள். ஸ்டாக்கிலிருந்து வந்து விழும் காற்றுக்குத் தண்ணீருக்கு மேலே இடம் வேண்டும், அதைத்தான் பாதி நிரம்பும் கணக்கு காப்பாற்றுகிறது. 160 மி.மீ. பைப், நூற்றுக்கு ஒன்று சரிவு. எட்டு மீட்டர் ஓடினால் 80 மி.மீ. இறக்கம், காரின் தலைக்கு மேல் அதற்கு இடம் இருக்கிறதா என்று கட்டடக் கலைஞரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். இந்தப் பெரிதாக்கலைப் பெண்டுக்கு முன்னாலேயே செய்து, பெண்டையும் 160-ஆகப் போடுங்கள். ஒரே 90 பாகை பெண்ட் வேண்டாம், இரண்டு 45, நடுவில் ஒரு முழம் நேர்க்குழாய்.

முதல் மாடியின் தனிக் குழாய்க்குச் சூத்திரம் 1.40 என்றது, தனி டபிள்யூ.சி. 2.0 என்பதால் 2.0-ஐ எடுக்கிறோம். 110 மி.மீ. நூற்றுக்கு ஒன்று சரிவில் 2.5 தருகிறது, போதும். இரண்டும் வெளியே சேம்பரைத் தாண்டி ஒன்றாகும்போது 4.19-ஐயும் 2.0-ஐயும் கூட்டி 6.19 என்று எழுதிவிடாதீர்கள். யூனிட் மறுபடி 78, ஓட்டம் 4.42.

ஒரு விஷயம் ஆலோசகர் கேட்க மாட்டார், நான் கேட்பேன். அந்தக் குடியிருப்பில் தண்ணீர் நாள் முழுக்க வருமா, அல்லது சங்கம் காலை ஒரு நேரம் மாலை ஒரு நேரம் என்று வால்வைத் திறந்துவிடுமா? K 0.5 என்பது ஆளுக்கொரு நேரத்தில் பயன்படுத்துகிறார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஆறு மணிக்குத் தண்ணீர் வந்து ஏழரைக்கு நின்றுவிடும் என்றால் ஒன்பது மாடியும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் குளிக்கும், துவைக்கும். அங்கே 0.5 செல்லாது. இதற்குத் தரத்தில் தனி எண் கிடையாது, என் பழக்கம் 0.7 போட்டுப் பார்ப்பது. உங்கள் ஸ்டாக்குக்கு அது 5.87 ஆகிறது, செங்கோண டீயின் 5.6-ஐ வென்ட் இருந்தும் தாண்டிவிடுகிறது. அப்படிப்பட்ட கட்டடம் என்றால் யுடிலிட்டியை இந்த ஸ்டாக்கிலிருந்து எடுத்துத் தனி வேஸ்ட் பைப்பில் இறக்கிவிடுவேன். மாடிக்கு 6.2, ஒன்பது மாடிக்கு 55.8, 0.7-இல் 5.23. நுரையும் டபிள்யூ.சி. கழிவு இறங்கும் சாயில் ஸ்டாக்கை விட்டுப் போய்விடும். டக்டில் இடமிருந்தால் தண்ணீர் நாள் முழுக்க வரும் கட்டடத்துக்கும் இதைச் செய்யலாம், நம்மூரில் சாயிலும் வேஸ்ட்டும் தனித்தனியாக இறங்குவது பழகிய வழக்கம்தானே. மாறாக, யாராவது பெரிய வாஷிங் மெஷின் வாங்கிவிட்டால் என்னாகும் என்று கவலைப்படாதீர்கள். 12 கிலோ மெஷினுக்கு 0.8-க்குப் பதில் 1.5 யூனிட். பத்து வீட்டிலும் மாற்றினாலும் 78 என்பது 85 ஆகும், ஓட்டம் 4.42-லிருந்து 4.61. வர்க்கமூலம் அந்த வகையில் நமக்கு நண்பன்.

முந்தைய கட்டடத்துக்குப் போய் ஒரு சோதனை செய்யுங்கள், இந்தக் கடிதத்தைவிட அது உங்கள் சீனியரை நம்ப வைக்கும். கொத்தனாரின் டியூப் லெவல் ஒன்றை வாங்கி, U மாதிரி வளைத்து, பாதிக்குச் சாயத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் மாடியில் ஸ்டாக்கின் டோர் பெண்ட் மூடியில் துளையிட்டு ஒரு முனையைச் செருகி அடையுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். மேல் இரண்டு மாடிகளில் ஒரே நேரத்தில் ஃப்ளஷ் பண்ணச் சொல்லுங்கள், நடுவில் ஒரு வாஷிங் மெஷின் தண்ணீரை விடட்டும். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டமும் 38 மி.மீ.க்கு மேல் விலகினால் விடை கிடைத்துவிட்டது. ஸ்டாக் பக்கம் தாழ்ந்தால் அடியிலிருந்து தள்ளல். ஸ்டாக் பக்கம் உயர்ந்தால் உறிஞ்சல், அப்போது முதலில் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். வாட்டர்ப்ரூஃபிங் செய்தவர்கள் வென்ட் கவுலை எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசியிருப்பார்கள், அல்லது கொசுவுக்குப் பயந்து யாரோ துணி கட்டியிருப்பார்கள். மேல் மாடிகளில் டிராப் வற்றி நாற்றம் வருகிறது, ஃப்ளஷ் செய்தால் பேசின் களகளவென்று சத்தம் போடுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் அங்கேதான். நீங்கள் சொன்ன நுரை அப்படி அல்ல, அது அடி பெண்டின் வேலை.

அந்தக் கட்டடத்துக்கு மருந்தும் இருக்கிறது, ஸ்டில்ட் புண்ணியத்தில் தளத்தை உடைக்கவும் தேவையில்லை. முதல் மாடிக் கிளைகள் எல்லாம் சீலிங்கில் வெளியே தெரியும்படி ஓடுகின்றன அல்லவா, அவற்றை ஸ்டாக்கிலிருந்து வெட்டி, ஸ்டாக்கின் டீயை மூடி, 110-இல் தனியாகச் சேம்பருக்குக் கொண்டுபோங்கள். வென்ட்டை அதற்கு அப்புறம் பாருங்கள். வென்ட் மட்டும் போட்டு நுரையை நிறுத்தலாம் என்று பார்த்தால், நுரை அந்த வென்ட்டுக்குள்ளேயும் ஏறிக்கொள்ளும். பிரித்த பிறகு அதே டியூப் லெவலை இரண்டாம் மாடியில் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். அங்கேயும் 38-ஐத் தாண்டினால் அடி பெண்டிலிருந்து 75 மி.மீ. வென்ட் ஒன்றை டக்ட் வழியாக மேலே ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கு டக்டுக்குள் ஆள் இறங்க இடம் விட்டிருக்கிறீர்களா என்பதையும் அப்போதே பார்த்து வந்துவிடுங்கள்.